ஃபெசிலிட்டி மேனேஜரிடம் ஆபத்தைச் சொல்லி, சரிசெய்யும் தேதியை வாங்குவது எப்படி

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மதிய உணவுக்குப் பிறகு இரண்டாவது மாடியிலிருந்து கீழே இறங்கப் போகிறீர்கள். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் மேல்கூரை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, டைல்ஸ் தரையில் ஒரு தட்டு அளவுக்குப் பரவியிருக்கிறது. கால் வழுக்குகிறது, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்துவிடுகிறீர்கள். யாரிடம் சொல்வது? ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்களோ? எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதி கேட்டால் புதியவருக்கு இவ்வளவு அதிகாரமா என்று நினைப்பார்களோ? இந்த மூன்று கேள்வியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

நான் ஏழு வருடம் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். கட்டடத்தின் புகார்களை வாங்கி, தரம் பிரித்து, ஆள் அனுப்புவது என் வேலை. ஒருநாள் "இரண்டாவது மாடியில் ஏசி ஒழுகுது" என்று ஒரு டிக்கெட் வந்தது. ஏசி குளிரவில்லை, ஏசி சத்தம் போடுகிறது என்று வந்த பத்து டிக்கெட்டோடு அதையும் வரிசையில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை அந்த இடத்தில் ஒரு சகோதரி வழுக்கி நான்கு படி உருண்டு, மணிக்கட்டு உடைந்தது. டிக்கெட்டில் எழுதியிருந்தது முழு உண்மை. ஆனால் அதில் படிக்கட்டு என்ற சொல் இல்லை. நானும் எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் சொல்லி வருகிறேன். பழுது வேறு, ஆபத்து வேறு. ஆபத்தை முதலில் சொல்லுங்கள். அப்புறம் ஒரு தேதி போதாது, இரண்டு தேதி கேளுங்கள்: ஆபத்து விலகுவது எப்போது, பழுது சரியாவது எப்போது. மேலே சொன்ன படிக்கட்டுத் தண்ணீரையே எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை போய்ப் பார்ப்போம்.

எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம்

சில ஆபத்துகள் மெயிலுக்குக் காத்திருக்காது. சொட்டும் தண்ணீர் விளக்கின் மேலோ, மின்சாரப் பெட்டியின் அருகிலோ இறங்குகிறதா, கருகிய வாடை வருகிறதா, கூரைப் பலகை ஊறித் தொப்பை போல் கீழே தொங்குகிறதா என்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். விலகி நின்று, மற்றவர்களையும் அந்தப் பக்கம் வராமல் தடுத்து, செக்யூரிட்டிக்கோ ஃபெசிலிட்டி எண்ணுக்கோ போன் செய்யுங்கள். உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி ஒரு தொழிலாளி வேலையிடத்திலிருந்து விலகினால் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 155-ஆவது உடன்படிக்கையே சொல்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். ஆனாலும் விலகி நிற்பது தவறு என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

நம் உதாரணத்தில் தண்ணீர் வெறும் தரையில்தான் விழுகிறது, பக்கத்தில் மின்சாரம் இல்லை. சரி, அப்படியென்றால் முதல் வேலை, அடுத்து வருபவர் வழுக்காமல் பார்த்துக்கொள்வது. ஹவுஸ்கீப்பிங் ஊழியரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லி, மஞ்சள் பலகையை வைக்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை நீங்கள் அங்கேயே நில்லுங்கள், இரண்டு மூன்று நிமிட வேலைதான். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. நாற்காலி போட்டு ஏறிக் கூரைப் பலகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். மேலே மின்கம்பிகள் போகும், நீங்கள் நிற்பதோ படிக்கட்டின் விளிம்பு.

என்ன குறித்துக்கொள்வது

துடைப்பதற்கு முன்பே, முடிந்தால் இரண்டு படம் எடுத்துவிடுங்கள். ஒன்று தள்ளி நின்று எடுப்பது. அதில் தண்ணீரும் முதல் படியும் கைப்பிடியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். இன்னொன்று அருகில், சொட்டும் இடத்தைக் காட்டுவது. அருகில் எடுத்த படத்தை மட்டும் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அது வெறும் ஈரத் தரை. எங்கே இருக்கிறது, யார் விழுவார் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மனிதர்களின் முகம் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சொல்லும்போது கட்டடத்துக்காரர்களின் மொழியில் சொன்னால் வேலை வேகமாக நடக்கும். "கேன்டீன் பக்கம்" என்பது உங்களுக்குப் புரியும், வெளியிலிருந்து வரும் டெக்னீஷியனுக்குப் புரியாது. எந்த மாடி, எந்தப் படிக்கட்டு (பல கட்டடங்களில் படிக்கட்டுக் கதவின் மேல் எண் எழுதியிருக்கும்), பக்கத்துத் தூணில் எண் இருந்தால் அது, ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் இருந்தால் அது. கடைசியாகச் சொன்ன எண் கிடைத்தால் பெரிய உதவி. அதை வைத்துத்தான் அந்த ஏசி கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, இதற்கு முன் இதே புகார் வந்ததா என்று மேனேஜர் பார்ப்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். ஏசி ஓடும்போது காற்றிலிருக்கும் ஈரம் அதன் குளிர்ந்த சுருளில் பட்டுத் தண்ணீராகி, கீழே ஒரு தட்டில் விழுந்து, ஒரு குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாயில் தூசியும் பாசியும் சேர்ந்து அடைத்தால் தட்டு நிரம்பி வழியும். நிரம்புவதற்கு நேரம் ஆகும். அதனால் காலை ஒன்பது மணிக்கு டெக்னீஷியன் வந்து பார்த்தால் தரை காய்ந்திருக்கும். "செக் செய்தேன், பிரச்சினை இல்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்த நேரம்தான் தவறு. எத்தனை மணிக்கு ஈரம் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று இரண்டு நாள் குறித்து வைத்திருந்தால் அந்த வீண் வருகை தவிர்க்கப்படும். இதற்காக இரண்டு நாள் காத்திருந்து புகார் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. இன்றே சொல்லுங்கள், நேரத்தை நாளைக்கும் குறித்து அனுப்புங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே யாராவது வழுக்கியிருக்கிறார்களா?" பதில் பெரும்பாலும் "ஆமாம், போன வாரம் நான்கூட" என்று வரும். விழாமல் தப்பிய சம்பவமும் பதிவாக வேண்டிய சம்பவம்தான். பல இடங்களில் அதற்கென்று தனிப் படிவமே இருக்கும்.

பழுதைப் பின்னால் வைத்து, ஆபத்தை முன்னால் வைப்பது

ஒரு ஃபெசிலிட்டி மேனேஜரின் மேஜைக்கு ஒரு நாளில் வருபவை என்னென்ன என்று நினைத்துப் பாருங்கள். விளக்கு எரியவில்லை, கதவு சத்தம் போடுகிறது, குளிர் அதிகம், குளிர் போதவில்லை, நாற்காலி உடைந்தது. எல்லாவற்றையும் அவர் இரண்டு கேள்வியால் பிரிக்கிறார். நடந்தால் எவ்வளவு மோசமாக நடக்கும்? நடக்க எவ்வளவு வாய்ப்பு? உங்கள் முதல் இரண்டு வரி இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால், வரிசையில் உங்கள் புகாரின் இடம் தானாக மாறும்.

ஒரே தண்ணீர், இரண்டு இடம் என்று வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மூடிய அறையின் மூலையில் சொட்டினால் கம்பளம் கெடும். படிக்கட்டின் தலைப்பில் சொட்டினால் விழுகிறவர் நின்ற இடத்தில் விழமாட்டார், கீழே போய்த்தான் விழுவார். அதே படியை மதியம் இருநூறு பேர் அரை மணி நேரத்தில் பயன்படுத்தினால் வாய்ப்பும் கூடுகிறது. பழுது ஒன்றுதான், ஆபத்து வேறு. "ஏசி ஒழுகுது" என்ற வரியில் இந்த வித்தியாசம் தெரியாது. "படிக்கட்டின் முதல் படிக்கு ஒரு அடி முன்னால் தரை ஈரமாக இருக்கிறது, இன்று நான் வழுக்கினேன்" என்ற வரியில் தெரியும்.

காரணத்தை ஊகித்து எழுதுவதையும் தவிருங்கள். "குழாய் அடைத்திருக்கிறது" என்று நீங்கள் எழுதினால் குழாயை மட்டும் சுத்தம் செய்யச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். அது எப்படி நடக்கும் என்று பின்னால் வருகிறது.

இரண்டு தேதி

புதியவர்கள் பெரும்பாலும் "சீக்கிரம் சரிசெய்யவும்" என்று முடிக்கிறார்கள். சீக்கிரம் என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. தேதி கேட்பவர்களோ "நாளைக்குள் சரியாக வேண்டும்" என்று கேட்டுவிடுகிறார்கள். பாகம் வாங்க வேண்டும், வெண்டர் வர வேண்டும், செலவுக்கு ஒப்புதல் வேண்டும் என்றால் நாளைக்குள் முடியாது என்று மேனேஜருக்குத் தெரியும். அதனால் அவர் பதிலே சொல்லாமல் விட்டுவிடுவார். நானும் விட்டிருக்கிறேன்.

கேள்வியைப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. பழுதுபார்க்க ஒரு வாரம் ஆகலாம். ஆபத்தை விலக்க ஒரு வாரம் தேவையில்லை, பெரும்பாலும் இன்றே முடியும். அதனால் முதல் தேதி இன்று, அதுவும் மணியோடு: இடத்தை எத்தனை மணிக்குள் பாதுகாப்பாக்குவீர்கள்? இரண்டாம் தேதி நிரந்தர வேலைக்கு, அதை அவர் சொல்லட்டும்.

தற்காலிக ஏற்பாடு என்றதும் எல்லோரும் மஞ்சள் பலகையையும் வாளியையும் நினைக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே நீக்குவது முதலில். அப்புறம் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அதன் இடத்தில் வைப்பது. அப்புறம் மனிதருக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு. அப்புறம் எச்சரிக்கை, விதி, பயிற்சி. கடைசியாக அணியும் பாதுகாப்பு உபகரணம். மஞ்சள் பலகை இதில் நான்காவது. போனைப் பார்த்துக்கொண்டே வருபவர் அதைப் பார்ப்பார் என்று நம்பித்தான் அது வேலை செய்கிறது. வாளி இன்னும் மோசம்: படிக்கட்டின் வாயில் கால் இடற ஒரு பொருளை நாமே வைக்கிறோம், மாலையில் அது நிரம்பி வழியும்.

நம் உதாரணத்தில் அந்த வரிசையின் முதல் வழியே கையில் இருக்கிறது. அந்த ஒரு ஏசியை அணைத்தால் தண்ணீர் உற்பத்தி நிற்கும், தட்டில் மிச்சமிருப்பது சொட்டி முடிந்ததும் தரை காயும். வராந்தா கொஞ்சம் புழுங்கும், அவ்வளவுதான். பலகை வைத்து ஒரு வாரம் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் கேட்டால்தான் செய்வார்கள், ஏனென்றால் ஏசியை அணைத்தால் புழுக்கம் என்று இன்னொரு புகார் வரும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். நீங்கள் எழுத்தில் கேட்டிருந்தால், அந்தப் புகார் வரும்போது காட்ட அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

படிக்கட்டையே மூடிவிடலாமே என்று தோன்றும். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், மெயிலில் கட்டளை போலவும் கேட்காதீர்கள். தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழியாக அந்தப் படிக்கட்டு இருக்கலாம். அதை மூடுவது ஒரு ஆபத்தை எடுத்து இன்னொன்றை வைப்பதாகிவிடும். மூட வேண்டுமென்றால் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் முடிவு செய்ய வேண்டும்.

மெயில்

முதலில் நேரில் போய் அல்லது போனில் சொல்லிவிடுங்கள், அதே நாளில் எழுத்திலும் அனுப்புங்கள். நேரில் சொன்னது வேகத்துக்கு, எழுதியது நினைவுக்கு. டிக்கெட் போடும் முறை இருந்தால் அதிலும் இதே சொற்கள், டிக்கெட் எண்ணை மெயிலில் குறிப்பிடுங்கள். உங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு பிரதி போதும். முதல் மெயிலிலேயே பெரிய அதிகாரிகளைப் பிரதியில் சேர்த்தால், மேனேஜர் தண்ணீரைப் பற்றி யோசிப்பதற்குப் பதிலாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைப் பற்றி யோசிப்பார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: இரண்டாவது மாடி, படிக்கட்டு 2 – முதல் படிக்கு முன் ஈரத் தரை, விழும் ஆபத்து (இன்று நடவடிக்கை தேவை)
>
> வணக்கம் சார்,
>
> இரண்டாவது மாடியில் படிக்கட்டு 2-இன் முதல் படிக்குச் சுமார் ஒரு அடி முன்னால், மேலே உள்ள ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை ஈரமாகிறது. இன்று (11-ஆம் தேதி, செவ்வாய்) மதியம் 1.40-க்கு நான் அங்கே வழுக்கினேன், கைப்பிடியைப் பிடித்ததால் விழவில்லை. கடந்த வாரம் இன்னொருவரும் வழுக்கியதாகச் சொன்னார். மதிய இடைவேளையில் இந்த வழியாகத்தான் பெரும்பாலானோர் இறங்குகிறார்கள்.
>
> ஹவுஸ்கீப்பிங் மூலம் தரையைத் துடைத்துப் பலகை வைத்திருக்கிறோம். 2.30-க்குள் மறுபடியும் ஈரமாகிவிட்டது. காலையில் தரை காய்ந்தே இருந்தது. படங்கள் இணைப்பில்.
>
> இரண்டு விவரம் தெரிவிக்க வேண்டுகிறேன்:
> 1. இந்த இடத்தை இன்று எத்தனை மணிக்குள் பாதுகாப்பாக்க முடியும்? பழுது சரியாகும்வரை அந்த ஏசியை மட்டும் அணைத்து வைக்க முடியுமா?
> 2. நிரந்தரமாகச் சரிசெய்யும் தேதி என்ன, அதற்குப் பொறுப்பானவர் யார்?
>
> டெக்னீஷியன் மதியம் 1 மணிக்குப் பிறகு வந்தால் சொட்டுவதை நேரில் பார்க்கலாம். இடத்தைக் காட்ட நான் வருகிறேன்.
>
> நன்றி.

குற்றம் சாட்டும் சொல் எதுவும் இதில் இல்லை. "எத்தனை தடவை சொல்வது", "யாரும் கவனிப்பதில்லை" போன்றவை உண்மையாகவே இருந்தாலும், பதில் எழுதுபவர் அந்த வரிக்கே பதில் எழுதுவார். பொருள் வரியில் "அவசரம்" என்று மட்டும் போடுவதும் உதவாது. எல்லா மெயிலிலும் அந்தச் சொல் இருக்கிறது. இடமும் ஆபத்தும் பொருள் வரியிலேயே இருந்தால் அவர் மெயிலைத் திறக்கும் முன்பே ஆளை அனுப்பலாம்.

"பார்க்கிறோம்" என்ற பதிலைத் தேதியாக்குவது

பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக வரும். "பார்க்கிறோம்." "வெண்டரிடம் சொல்லியாச்சு." "பாகம் வர வேண்டும்." இவை மறுப்பு அல்ல. முழு வேலையின் தேதி அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்போது முடிவின் தேதியை அழுத்திக் கேட்காமல், அடுத்த படியின் தேதியைக் கேளுங்கள். "சரி சார், வெண்டர் எந்த நாள் வந்து பார்க்கிறார்?" "பார்த்த பிறகு வேலை தேதியை எனக்கு எப்போது சொல்ல முடியும்?" பாகம் என்றால், ஆர்டர் போட்ட நாள், வந்துசேரும் நாள், மாட்டும் நாள் என்று மூன்றாகக் கேட்கலாம். ஆர்டரே இன்னும் போடவில்லை என்பது பல நேரம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும்.

நடைபாதையில் பார்த்து வாய்மொழியாகத் தேதி சொன்னால், அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியபடி, ஏசி இன்று மாலை 4 மணிக்குள் அணைக்கப்படும், வெண்டர் 13-ஆம் தேதி வியாழன் மதியம் வருகிறார் என்று புரிந்துகொண்டேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள் சார்." நம் உதாரணத்தில் இப்படித்தான் முதல் தேதி கிடைத்தது. ஏசி 4 மணிக்கு அணைந்தது, 6 மணிக்குத் தரை காய்ந்தது.

தேதி தள்ளிப்போவதும் உண்டு. அந்த நாள் கடந்த பிறகு கோபப்படுவதைவிட, முந்தைய நாள் காலை ஒரு வரி கேட்பது நல்லது: "நாளைய வேலை உறுதிதானே சார்?" தள்ளிப்போனால் புதிய தேதியும், அதுவரை ஏசி அணைந்தே இருக்கும் என்ற உறுதியும் சேர்த்துக் கேளுங்கள். ஆபத்து விலகி இருக்கும்வரை பழுது ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருக்கலாம். தற்காலிக ஏற்பாட்டையும் எடுத்துவிட்டுத் தேதியையும் தள்ளினால், அல்லது புதிய தேதியே சொல்லாவிட்டால், மேலே கொண்டுபோகும் நேரம் அது. முதலில் உங்கள் மேற்பார்வையாளர், பிறகு பாதுகாப்பு அதிகாரி அல்லது பாதுகாப்புக் குழு. புதிதாக ஒரு மெயில் எழுதாதீர்கள். பழைய மெயில் வரிசையையே, தேதிகளோடு, மேலே இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். அதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கத் தேவையில்லை. வெண்டர் வராமல் இழுக்கும்போது மேலிருந்து ஒரு கேள்வி வந்தால் மேனேஜருக்கே அது கைகொடுக்கும்.

டிக்கெட் மூடியதும் போய்ப் பாருங்கள்

இங்கேதான் பெரும்பாலான புகார்கள் பாதியில் செத்துப்போகின்றன. 13-ஆம் தேதி வெண்டர் வந்தார். குழாயில் காற்றடித்துப் பாசியை வெளியே தள்ளினார், ஏசியைப் போட்டார், தண்ணீர் ஒழுங்காக ஓடியது. "சரிசெய்யப்பட்டது" என்று டிக்கெட் மூடப்பட்டது. 14-ஆம் தேதியும் தரை காய்ந்திருந்தது. 17-ஆம் தேதி திங்கள் மதியம் 3 மணிக்கு மறுபடியும் அதே இடத்தில் ஈரம்.

காரணம் அடைப்பு மட்டும் இல்லை. அந்தக் குழாய் வெளியேறும் பக்கம் தொடர்ந்து சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. அதைத் தாங்கும் கிளாம்ப் ஒன்று கழன்றால் குழாய் நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, தேங்கிய இடத்தில் பாசி திரும்பவும் வளரும். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இதே கதைதான். அதேபோல, குழாயைச் சுற்றியிருக்கும் பஞ்சுபோன்ற உறை கிழிந்திருந்தால், அடைப்பே இல்லாமலும் குளிர்ந்த குழாயின் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் ஒரு குறிப்பு கிடைக்கும். ஒரே புள்ளியில், சில மணி நேரம் கழித்துத் திடீரென்று அதிகமாகச் சொட்டினால், தட்டு நிரம்பி வழிவதாக இருக்கலாம். ஏசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே பல இடத்தில் மெதுவாகச் சொட்டினால் வியர்ப்பாக இருக்கலாம். இதைத் தீர்ப்பாக எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "ஒரே புள்ளியில், ஏசி போட்டு ஐந்து மணி நேரம் கழித்து." டெக்னீஷியன் அதிலிருந்து புரிந்துகொள்வார்.

மறுபடியும் ஈரம் வந்தால் புதிய டிக்கெட் போடாமல் பழைய எண்ணையே திறக்கச் சொல்லுங்கள். புதிய எண் போட்டால் கணக்கில் இரண்டு சிறிய பழுதாகத் தெரியும். பழைய எண்ணிலேயே இருந்தால் சரியாகாத ஒரு பழுதாகத் தெரியும். 17-ஆம் தேதி எழுதியது இவ்வளவுதான்: "13-ஆம் தேதி மூடிய டிக்கெட், இன்று மதியம் 3 மணிக்கு அதே இடத்தில் மறுபடியும் ஈரம். ஏசியை மீண்டும் அணைக்க வேண்டுகிறேன். இந்த முறை குழாய் முழுவதையும் பார்க்க முடியுமா? அதற்கான தேதி?"

ஏசி அன்றே அணைந்தது. அடுத்த நாள் வந்த பதிலில் தேதி சற்றுத் தள்ளியே இருந்தது: 22-ஆம் தேதி, சனிக்கிழமை. படிக்கட்டின் தலைப்பில் ஏணி போட்டு மேல்கூரையைத் திறக்க வேண்டும், உயரத்தில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும், ஆட்கள் நடமாடும் நாளில் செய்ய முடியாது என்று காரணமும் இருந்தது. இது நல்ல பதில். ஏணியில் நிற்பவரின் பாதுகாப்பும் நம்முடையதைப் போலத்தான். இப்படிக் காரணத்தோடு வரும் தேதியை ஏற்றுக்கொள்ளுங்கள், முன்னால் கொண்டுவரச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வேலை முடிந்த உடனே டெக்னீஷியன் தட்டில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது வெளியேறும் முனையில் தடையில்லாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்தாரா என்று கேட்கலாம். உங்கள் பங்கு அதற்குப் பிறகு: ஏசி முழு நாள் ஓடிய இரண்டு நாட்களில், முன்பு ஈரம் வந்த அதே நேரத்தில் போய்த் தரையைப் பார்ப்பது. காலையில் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு வாரம் கழித்து, காற்றில் ஈரம் அதிகமுள்ள ஒரு நாளில் இன்னொரு முறை பாருங்கள், அன்றுதான் குழாய்க்கு உண்மையான சோதனை.

22-ஆம் தேதி கிளாம்ப் மாற்றி, குழாயின் சாய்வைச் சரிசெய்து, கிழிந்த உறையையும் புதிதாகச் சுற்றினார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மதியம் 3 மணிக்குத் தரை காய்ந்திருந்தது. அதே மெயில் வரிசையில் கடைசியாகப் போனது இது: "24, 25 தேதிகளில் மதியம் 3 மணிக்குப் பார்த்தேன், தரை காய்ந்திருக்கிறது, படம் இணைப்பில். டிக்கெட்டை மூடிவிடலாம் சார். சனிக்கிழமை வந்து வேலை செய்தவர்களுக்கும் நன்றி சொல்லுங்கள்."